கீறல் இல்லாத மூடி

துப்பாக்கியை அழுக்குத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான் கேப்டனின் எழுத்தர். மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான். சுடாத துப்பாக்கிக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று பூட்டுக்காரருக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கேப்டனின் அறையில் கேட்டதற்கு மட்டும்தான் அவர் பதில் சொல்வார்.

கதவுப் பூட்டு செய்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். துப்பாக்கியின் பக்கவாட்டில் விசை, வில், சுத்தி எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடி அளவு இயந்திரம் இருக்குமே, அதற்கும் பூட்டு என்றுதான் பெயர். அந்தக் கோட்டையில் அறுநூறு துப்பாக்கி. அறுநூறு பூட்டும் வருஷத்தில் ஒரு தடவையாவது அவருடைய கைக்கு வந்து போகும். எல்லாரும் பூட்டுக்காரர் என்றே கூப்பிட்டு, சொந்தப் பெயர் அவருடைய தங்கைக்குக்கூட மறந்திருக்கும்.

அந்தத் தங்கையின் புருஷன்தான் இப்போது காவல் கொட்டடியில் உட்கார்ந்திருந்தான். ஆள் ஆறடிக்கு மேல். பட்டாளத்தில் எல்லாரும் நெட்டை என்பார்கள். விடியற்காலையில் வெடிமருந்துக் கிடங்கு வாசலில் அவனுக்குக் காவல். தூறலும் மங்கலுமாக இருந்த நேரத்தில் ஒருத்தன் முதுகில் மருந்துப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு கிடங்குச் சுவரிலிருந்து குதித்து ஓடியிருக்கிறான். நெட்டைக்கும் அவனுக்கும் நடுவே நாற்பது அடிதான். துப்பாக்கி வெடிக்கவில்லை. ஓடினவன் ஓடியே போய்விட்டான்.

இதுவரைக்கும் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. துப்பாக்கி வெடிக்காமல் போவது பட்டாளத்தில் தும்மல் மாதிரி, தினமும் நடக்கிற காரியம். நல்ல வெயிலிலேயே பத்து தடவை இழுத்தால் ஒன்றிரண்டு தடவை காலை வாரிவிடும். தூறலில் கேட்கவே வேண்டாம். சிக்கல் என்னவென்றால், ஓடினவன் குட்டை. நெட்டையும் குட்டையும் ஆறு வருஷம் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒருத்தனைத் திட்டினால் மற்றவனுக்கு மூக்கு சிவக்கும்.

"பிரிச்சுப் பாருங்க. வெடிக்காததுக்குக் காரணம் என்ன?" என்றார் கேப்டன். நாற்பது வயசிருக்கும். கத்திப் பேசமாட்டார். கத்துகிற அதிகாரிகளைவிட இந்த மாதிரி ஆளிடம்தான் பயப்பட வேண்டும் என்பது பூட்டுக்காரரின் அனுபவம்.

பூட்டுக்காரர் துணியை விலக்கினார். சுத்தி கீழே இறங்கிக் கிடந்தது. குழலுக்குப் பக்கத்தில் பற்றவைக்கும் மருந்து போடுகிற சின்னக் கிண்ணத்தின் மூடி திறந்திருந்தது. கிண்ணத்தில் மருந்து அப்படியே இருந்தது, கொஞ்சம் சிந்தியிருந்தது, அவ்வளவுதான். ஈரம் இல்லை. விரலால் தேய்த்தால் மணல்போல் உதிர்ந்தது. குழலின் பக்கத்தில் உள்ள ஊசித்துளையைக் கம்பியால் குத்திப் பார்த்தார், அடைப்பில்லை. சுத்தியின் வாயில் தோல்துண்டு வைத்து இறுக்கியிருந்த சக்கிமுக்கிக் கல் புதுசு. அவரே நேற்று மாட்டியது. விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது.

கடைசியாக மூடியைப் பார்த்தார். கல்துப்பாக்கியின் உயிரே அந்த மூடியில்தான். எல் வடிவத்தில் எஃகு. படுத்திருக்கும் பாதி கிண்ணத்தை மூடும், நிமிர்ந்திருக்கும் பாதி கல்லுக்கு நேராக முகம் காட்டி நிற்கும். விசையை இழுத்தால் சுத்தி பாய்ந்து, கல் அந்த முகத்தை மேலிருந்து கீழாகச் சுரண்டும். சுரண்டின வேகத்தில் எஃகுத் துகள் தீப்பொறியாகும், அதே அடியில் மூடியும் பின்னால் சாய்ந்து கிண்ணம் திறக்கும், பொறி மருந்தில் விழும், மருந்து பற்றி ஊசித்துளை வழியாக உள்ளே போய்க் குழலுக்குள் இருப்பதை வெடிக்க வைக்கும். இத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில். நேற்றுத்தான் அந்த முகத்தைக் கெட்டியாக்கி, எண்ணெய்க் கல்லில் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்திருந்தார். இப்போதும் கண்ணாடி மாதிரியே இருந்தது. ஒரு கீறல் இல்லை.

கேப்டனுக்கும் இதெல்லாம் தெரியும் என்று அப்புறம்தான் உறைத்தது.

"கல்லு உரசியிருந்தா கீறல் விழுந்திருக்கும், இல்லையா?"

"விழுந்திருக்கும்."

"அப்ப இழுக்கவே இல்ல. கையால சுத்தியைப் பிடிச்சு மெதுவா இறக்கிட்டு, மூடியைத் தள்ளிவிட்டு, வெடிக்கலைன்னு நாடகம் ஆடியிருக்கான்."

பூட்டுக்காரர் மூடியின் முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டினார். கடுகளவு மூன்று நான்கு செம்புள்ளி. துரு. அவருக்குச் சுருக்கென்றது. தேய்த்து எண்ணெயைத் துடைத்துக் கொடுத்து ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் துருவா? வெளியே தூறல்தான், ஆனால் கிடங்கு வாசலில் கூரை உண்டு. மழை பட்டிருந்தால் குழல் மேலேயும் பட்டிருக்க வேண்டும், அங்கே சுத்தமாக இருந்தது. கல்லைப் பார்த்து நிற்கிற அந்த உள்முகத்தில் மட்டும்தான் புள்ளி.

"மூடியில துருப்புள்ளி இருக்கு. அதையும் எழுதிக்குங்க" என்றார் எழுத்தரிடம். எதற்கு என்று அவருக்கே தெரியாது. தன் வேலையில் குறை என்று ஊர் சொல்லக்கூடாதே என்ற வீம்புதான்.

கேப்டன் அதோடு விடவில்லை. குழலுக்குள் இருந்த குண்டைத் திருகாணிக் கம்பியால் எடுக்கச் சொன்னார். கொட்டடியிலிருந்து நெட்டையை வரவழைத்து, முற்றத்தில் நிறுத்தி, சார்ஜன்ட் சொல்லச் சொல்ல மூன்று தடவை மருந்தேற்றிச் சுடவைத்தார். "சுத்தியைப் பாதி ஏத்து. கிண்ணத்தில மருந்து போடு. மூடியை மூடு." நெட்டை ஒவ்வொன்றாகச் செய்தான். மூன்று தடவையும் துப்பாக்கி மணிமணியாக வெடித்தது. பூட்டுக்காரரின் இருபது வருஷத் தொழிலில் இத்தனை ஒழுங்காக ஒரு துப்பாக்கி வெடித்து அவர் வயிற்றெரிச்சல் பட்டது அன்றுதான்.

"துப்பாக்கி நல்லாயிருக்கு. சுடவும் தெரியுது" என்றார் கேப்டன். "நாளை மறுநாள் விசாரணை. மருந்துத் திருட்டுக்குத் துணைபோனா என்ன தண்டனைன்னு உங்களுக்கே தெரியும்."

தூக்குதான். கோட்டைக்குள் எல்லாருக்கும் தெரியும்.

நெட்டையைத் திரும்ப அழைத்துப் போகும்போது அவன் மச்சானைப் பார்த்தான். "இழுத்தேன் மச்சான். சத்தியமா இழுத்தேன். டக்குன்னு சத்தம் வந்துது, அவ்வளவுதான்" என்றான். பொய் சொல்லும்போது நெட்டை காதைச் சொறிவான். இப்போது சொறியவில்லை, கையைக் கட்டியிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

தங்கை பட்டறைக்கு வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. அழுது முடித்துவிட்டு, அடுத்த கட்டமான கோபத்தில் இருந்தாள்.

"அண்ணே, நீ சொன்னா கேக்கமாட்டாங்களா? மூடி சரியில்ல, என் வேலையில தப்புன்னு சொல்லேன். உனக்கு என்ன பண்ணிடுவாங்க? மிஞ்சிப்போனா பட்டறையை விட்டு அனுப்புவாங்க. போனா போகுது."

"நான் சொல்லியிருப்பேன். மூணு தடவை வெடிச்ச பிறகு எந்த வாயால சொல்றது?"

"உன் கை சுத்தத்தை யாரு கேட்டா? அப்படிப் பளபளன்னு தேய்ச்சுக் கொடுத்தியே, இப்ப அதுதான் அவர் கழுத்தை அறுக்குது."

அவருக்கும் அதுதான் உறுத்தல். அரைகுறையாகத் தேய்த்திருந்தால் பழைய கீறல் பத்து இருந்திருக்கும், புதுசு விழுந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. கேப்டனால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அரத்தை எடுத்து, அரம் போடத் தேவையே இல்லாத ஒரு திருகாணியை அரம் போட்டார்.

"இன்னொண்ணு கேளு" என்றாள் தங்கை. "குட்டையோட பெண்சாதி ரெண்டு வேளையும் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொட்டடியில கொடுக்கறா. 'என் வீட்டுக்காரரை விட்டுக்கொடுக்காத மவராசன்'னு வாசல்ல நின்னு கண்ணத் துடைக்கறா. சார்ஜன்ட் அதையும் எழுதிக்கிட்டாராம். நன்றி சொல்றேன்னு சொல்லியே அவரைத் தூக்குல ஏத்திடுவா போலிருக்கு."

"மாப்பிள்ளை என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்றதில்ல. சாப்பிடறார்."

தங்கை போன பிறகு பட்டறைக்கு ஒரு சிப்பாய் வந்தான். கையில் திரித்துப்பாக்கி. கோட்டையில் பாதிப் பேரிடம் இன்னும் அதுதான் இருந்தது. புதுத் துப்பாக்கி கேட்டு மேலிடத்துக்கு எழுதி எழுதி எழுத்தரின் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். மருந்துக் கிடங்குக் காவலுக்கு மட்டும் கல்துப்பாக்கி கட்டாயம். காரணம் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். திரித்துப்பாக்கிக்காரன் இடுப்பிலும் கையிலும் கனன்றுகொண்டிருக்கும் திரிக் கயிறோடு நிற்பான். வெடியுப்புக் கரைசலில் ஊறப்போட்ட கயிறு, ஊதுபத்தி மாதிரி அணையாமல் கனன்றுகொண்டே இருக்கும். ஆயிரம் பீப்பாய் மருந்துக்குப் பக்கத்தில் அப்படி ஒருத்தனை நிறுத்தினால் கிடங்கும் இருக்காது, கோட்டையும் இருக்காது. அதனால்தான் மூன்று வாரத்துக்கு முன்னால் நெட்டையின் கையிலிருந்து திரித்துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கல்துப்பாக்கியைக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் அவன் கை பிடித்தது திரித்துப்பாக்கியைத்தான்.

"கிண்ணத்து மூடி சிக்கிக்குது" என்றான் சிப்பாய். "நேத்து சுடறப்ப திறக்கவே இல்ல. நல்லவேளை பயிற்சிதான்."

திரித்துப்பாக்கியின் மூடி வேறு ஜாதி. பொறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மழையும் காற்றும் மருந்தில் படாமல் இருக்க ஒரு சின்னத் தகடு. ஒரு முளையில் பக்கவாட்டில் சுழலும், அவ்வளவுதான். சுடப்போகும்போது கட்டைவிரலால் கையாலேயே ஒதுக்கிவிட வேண்டும். ஒதுக்கினால்தான் விசையை இழுத்ததும் கவ்வியில் பிடித்திருக்கும் திரி மெல்லக் குனிந்து நேரே மருந்தில் போய்த் தொடும். மறந்தால் திரி தகட்டில் குத்தி நசுங்கும். பூட்டுக்காரர் முளையைத் தளர்த்தி, கரியைச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

"சரியாயிருக்கா பாரு."

சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் சாத்தினான். கவ்வியில் திரிகூட இல்லை. இருந்தும் கன்னத்தை உப்பி, கவ்வியைப் பார்த்து 'ஃபூ' என்று ஒரு ஊது ஊதினான். கட்டைவிரல் தானாகப் போய் மூடியை ஒதுக்கியது. விசையை இழுத்தான்.

"நல்லாயிருக்கு" என்றான்.

"இரு" என்றார் பூட்டுக்காரர். "எதுக்கு ஊதினே?"

"எப்ப ஊதினேன்?"

"இப்பத்தான். திரியே இல்லாம ஊதினே."

சிப்பாய் யோசித்துப் பார்த்துச் சிரித்தான். "திரி நுனியில சாம்பல் மூடியிருக்கும்ல, ஊதலைன்னா மருந்து பத்தாது. சாம்பலோட இழுத்து எத்தனை தடவை ஏமாந்திருக்கேன். பழகிப்போச்சு."

பூட்டுக்காரர் அவனைப் பார்க்கவில்லை, அவன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு பழைய கல்துப்பாக்கியை எடுத்து, மூடியை மூடி, தோளில் சாத்தி, மூடியின் முகத்தைப் பார்த்து பலமாக ஊதினார். தேய்த்த எஃகில் வெள்ளையாக ஆவி படர்ந்தது. அதன் நடுவில் எச்சில் துளி நான்கைந்து, கடுகளவு. நேராகக் கல்லைப் பார்க்கும் உள்முகத்தில்.

சிப்பாய்க்கு அந்த மனுஷனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று தோன்றியிருக்கும். தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கிளம்பிவிட்டான்.

நடந்தது இதுதான், வேறொன்றும் இருக்க முடியாது. ஆள் குதித்ததும் நெட்டையின் மனசு பழைய கணக்குக்குப் போய்விட்டது. ஊது, மூடியைத் திற, இழு. ஊதினான், இல்லாத திரியை; அந்த எச்சில்தான் துருப்புள்ளி. மூடியைத் திறந்தான், திறக்கவே கூடாத மூடியை. கல்துப்பாக்கியில் மூடி மூடியிருந்தால்தான் கல்லுக்கு உரச முகம் கிடைக்கும். முன்கூட்டியே சாய்த்துவிட்டால் கல் வெறும் காற்றை வெட்டிக்கொண்டு போய் நிற்கும். பொறி எங்கிருந்து வரும்? டக்கென்று ஒரு சத்தம்தான் வரும். கீறலும் விழாது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கேப்டனிடம் போனார். சொல்வதையெல்லாம் சொன்னார். பழைய துப்பாக்கியில் ஊதிக் காட்டினார். கேப்டன் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க அவனுக்கு மச்சான்."

"ஆமா."

"உங்க இடத்துல நானா இருந்தாலும் இப்படி ஏதாவது யோசிச்சிருப்பேன். நேத்து மூணு தடவையும் சரியாச் சுட்டானே, அப்ப ஏன் விரல் போகலை?"

"சார்ஜன்ட் ஒவ்வொண்ணாச் சொன்னார், சொன்னதைச் செஞ்சான். பயிற்சியில யாரும் தப்புப் பண்றதில்லைங்க. பதறினாத்தான் கை பழசைத் தேடும்."

கேப்டன் சன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, ஈரச் சுவர்தான்.

"பதற வச்சுப் பாத்துடலாம்" என்றார். "நாளைக் காலையில, அதே இடம், அதே நேரம். எனக்கும் உங்களுக்கும் சார்ஜன்டுக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். அவன் காதுக்கு ஒரு வார்த்தை போச்சுன்னா நான் கண்டுபிடிச்சிடுவேன். அப்புறம் உங்க பேச்சும் செல்லாது, அவன் பேச்சும் செல்லாது. விரல் போகலைன்னா அங்கேயே முடிவு. சம்மதமா?"

பூட்டுக்காரர் தலையாட்டினார். ஆட்டின பிறகுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று புரிந்தது. ஒருத்தன் உயிரை அவனுடைய கட்டைவிரலின் கெட்ட பழக்கத்தில் கட்டிவிட்டு வந்திருக்கிறார். பழக்கம் ஒரு தடவை ஏமாற்றியதுபோல இன்னொரு தடவையும் ஏமாற்றும் என்று எந்தக் கடவுள் எழுதிக் கொடுத்தார்? இந்த இரண்டு நாளும் கொட்டடியில் உட்கார்ந்து அவன் அந்த டக்கென்ற சத்தத்தையே நினைத்து நினைத்து, என்ன தப்பு செய்தோம் என்று தானே கண்டுபிடித்திருந்தால்? கண்டுபிடித்தவன் கை சரியாகச் சுட்டுவிடும். சரியாகச் சுட்டால் செத்தான்.

சாயங்காலம் தங்கை வந்து உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தே ஏதோ இருக்கிறது என்று பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணே, ஏதாவது வழி பொறந்துதா?"

"நாளைக்குத் தெரியும்."

"என்னன்னு சொல்லு. அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாவது வர்றேன், தெம்பா இருப்பார்."

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

"என்கிட்டயே மறைக்கிறியா?"

மறைத்தார். அவள் எழுந்து போகும்போது, நீ ஒரு அண்ணனா என்று கேட்டாள். சாதாரணமாக அவர் வாய்க்கு வாய் பதில் கொடுப்பவர். அன்றைக்குக் கொடுக்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடவும் இல்லை.

காலையில் முந்தாநாள் மாதிரியே தூறல். கிடங்குக் கதவைத் தாழிட்டுத் தடி போட்டிருந்தார்கள். நெட்டையை அழைத்துவந்து, கையை அவிழ்த்து, அதே துப்பாக்கியைக் கொடுத்தார் சார்ஜன்ட். குழலுக்குள் வெறும் மருந்து, குண்டு இல்லை. அது நெட்டைக்குத் தெரியாது. கிண்ணத்தில் மட்டும் அவனே மருந்து போட்டு மூடியை மூடினான். மூடியின் முகத்தைப் பூட்டுக்காரர் ராத்திரியே மறுபடி தேய்த்துக் கண்ணாடியாக்கியிருந்தார்.

"அன்னிக்கு எங்க நின்னே, எப்படி நின்னேன்னு காட்டு. எழுத்தர் வரைஞ்சுக்கணும்" என்றார் கேப்டன்.

நெட்டை கூரைக்குக் கீழே போய் நின்றான். சுவரோரம் கூட்டம் கூடிவிட்டது. தங்கை ஒரு ஓரத்தில். இன்னொரு ஓரத்தில் குட்டையின் பெண்சாதி, மூடி போட்ட சாப்பாட்டுப் பாத்திரத்தைச் சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு நின்றாள். காலைச் சாப்பாட்டை நேரே கொட்டடிக்கு எடுத்துப்போக வந்திருப்பாள். கேப்டன் அவசரப்படவில்லை. எத்தனை மணிக்குக் காவல் மாறினாய், முதல்நாள் என்ன சாப்பிட்டாய், குளிராக இருந்ததா என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். நெட்டையின் தோள் மெல்ல இறங்கியது. எழுத்தர் கொட்டாவி விட்டான். பூட்டுக்காரர் மட்டும் நெட்டையின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கிடங்குச் சுவரின் மேலிருந்து ஒருத்தன் தொப்பென்று குதித்தான். முதுகில் பீப்பாய். குட்டையான ஆள். எழுந்து தலைதெறிக்க ஓடினான்.

"ஓடறான்! சுடு!" என்று சார்ஜன்ட் அலறினார்.

நெட்டையின் கை சுத்தியை முழுசாக ஏற்றியது. துப்பாக்கி தோளுக்குப் போனது. கன்னம் உப்பியது. 'ஃபூ' என்று ஒரு ஊது. கட்டைவிரல் நழுவிப்போய் எஃகு மூடியைப் பின்னால் சாய்த்தது. இத்தனைக்கும் நடுவில் அவன் கண் ஓடுகிறவனின் முதுகைவிட்டு அசையவில்லை. ஓடுகிறவனின் வேகத்துக்குக் குழல் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது, நல்ல வேட்டைக்காரன் நகர்த்துவதுபோல. விரல் விசையை இழுத்தது.

டக்.

ஓடினவன் நின்று திரும்பினான். பட்டாளத்துச் சமையல்காரன். கேப்டன் சொன்னதற்காக ஓடியவன், தான் உயிரோடு இருப்பதை வயிற்றைத் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

கேப்டன் நெட்டையின் பக்கத்தில் போய்க் கிண்ணத்தைப் பார்த்தார். மருந்து எரியாமல் கிடந்தது. மூடியின் முகத்தைப் பார்த்தார். கீறல் இல்லை, எச்சில் துளி மட்டும்தான்.

"மூடியை ஏன் திறந்தே?"

"நான் திறக்கலைங்க" என்றான் நெட்டை. அவனுடைய கட்டைவிரல் இன்னும் மூடியின் மேலேதான் இருந்தது. எல்லாரும் அதையே பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவனும் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

கேப்டன் எழுத்தரிடம் திரும்பினார். "எழுதிக்கோ. காவல்காரன் சுடத்தான் பார்த்தான். நாற்பது அடியில முதுகுக்குக் குறி வச்சு விசையை இழுத்திருக்கான். பழைய துப்பாக்கியோட பழக்கத்துல மூடியைத் திறந்ததால வெடிக்கலை. குற்றம் இல்ல." பிறகு பூட்டுக்காரரைப் பார்த்து, "திரித்துப்பாக்கியிலேர்ந்து வர்ற ஆளுங்களுக்கு ஆறு மாசம் பழகாம கிடங்குக் காவல் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்றுக் கேட்டதற்கு மன்னிப்பு மாதிரி ஏதோ சொன்னாள், அழுகையில் ஒன்றும் புரியவில்லை. பூட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவர் குட்டையின் பெண்சாதியை மறந்துபோனார். நிமிர்ந்து பார்த்தபோது அவள் நெட்டைக்கு எதிரே நின்றிருந்தாள். பாத்திரம் கையிலேயே இருந்தது.

"முதுகுக்கா?" என்று கேட்டாள்.

நெட்டை கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தான். கையைக் கட்டாமல் இருந்தும் காதைச் சொறியவில்லை.

அவள் பூட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. சுடத்தான் பார்த்தாரா?"

இரண்டு நாளாக அதை நிரூபிக்கத்தானே அவர் அலைந்தார். ஆமாம் என்று தலையாட்டினார்.

அவள் பாத்திரத்தின் மூடியை அழுத்திச் சரிசெய்துகொண்டு, வந்த வழியே திரும்பிப் போனாள். தூறலில் அவள் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதை நெட்டை பார்த்துக்கொண்டு நின்றான்.

"மச்சான்" என்றான். "அவகிட்ட போய், வேணும்னுதான் சுடலை, சும்மா நாடகம்தான்னு சொல்லிடேன்."

"அதைச் சொன்னா தூக்குடா மாப்பிள்ளை."

"தெரியும்" என்றான் நெட்டை. துப்பாக்கியை இன்னும் அவன்தான் வைத்திருந்தான். சாய்ந்து கிடந்த மூடியை மெதுவாக இழுத்து மூடினான். பிறகு துப்பாக்கியை மச்சானிடம் நீட்டினான்.